வேகமும் துடிப்பும்: எந்த ஓட்டத்தில் அளந்தால் நம்பலாம்?

ஓடும் வேகத்தை இதயத் துடிப்பால் வகுத்தால், ஒரு துடிப்புக்கு எத்தனை மீட்டர் கடக்கிறோம் என்பது தெரியும். ஒருவர் மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது நிமிடத்துக்கு 150 மீட்டர். அப்போது அவருடைய துடிப்பும் நிமிடத்துக்கு 150 என்றால், ஒரு துடிப்புக்குச் சரியாக ஒரு மீட்டர். சில மாதங்கள் கழித்து அதே வேகத்தில் துடிப்பு 144 ஆகிவிட்டால் விகிதம் 1.04. ஆக்ஸிஜனைப் பயன்படுத்தி நெடுநேரம் ஓட உதவும் ஏரோபிக் திறன் வளர்ந்திருக்கிறது என்று சொல்லலாம்.

கணக்கு எளிது. எந்த ஓட்டத்தில் அதைப் போடுவது என்பதுதான் கேள்வி. மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஓடுகிற எல்லா ஓட்டங்களிலிருந்தும் விகிதத்தை எடுத்து வாராவாரம் சராசரி பார்ப்பது ஒன்று. சில செயலிகள் காட்டுவது இதைத்தான். துடிப்பை ஒரே எண்ணில் பிடித்துக்கொண்டு வேகம் எவ்வளவு வருகிறது என்று பார்ப்பது இன்னொன்று. வேகத்தை ஒரே அளவில் வைத்துக்கொண்டு துடிப்பு எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது மூன்றாவது. மூன்றும் ஒரே விஷயத்தை அளப்பது போலத் தோன்றினாலும் உண்மையில் அப்படி இல்லை. பெரும்பாலானோர் நம்பும் முதல் வழிதான் அதிகமாக ஏமாற்றுவது.

விகிதம் ஏன் மாறுகிறது

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஓட உடலுக்குத் தேவைப்படும் ஆக்ஸிஜன் வாரத்துக்கு வாரம் பெரிதாக மாறாது. அந்த ஆக்ஸிஜனைத் தசைக்குக் கொண்டுபோவது ரத்தம். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் ரத்தத்தின் அளவு கூடினால், அதே ஆக்ஸிஜனைக் குறைந்த துடிப்புகளில் கொண்டுசேர்த்துவிடலாம். தசைகள் ரத்தத்திலிருந்து ஆக்ஸிஜனை நன்றாக உறிஞ்சப் பழகினாலும் அதே பலன்தான். ஓடும் விதம் சிக்கனமானால் தேவையே கொஞ்சம் குறையும்.

இந்த மாற்றங்கள் ஒரே வேகத்தில் வருவதில்லை. பயிற்சி தொடங்கிய சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவின் அளவு கூட ஆரம்பிக்கிறது. புதிதாக ஓடத் தொடங்குபவருக்கு முதல் இரண்டு வாரங்களில் துடிப்பு சட்டென்று இறங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நிஜமான இறக்கம்தான், ஆனால் சீக்கிரம் வந்தது போலவே ஓட்டத்தை நிறுத்தினால் சீக்கிரம் போயும்விடும். தசைக்குள் ஆக்ஸிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுவதும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கூடுவதும் வாரங்கள், மாதங்கள் பிடிக்கும் வேலை. ஆகவே முதல் இரண்டு வார இறக்கத்தை வைத்துக்கொண்டு மூன்று மாதத்துக்குப் பின் எங்கே இருப்போம் என்று கோடு நீட்டிப் பார்க்கக் கூடாது.

எல்லா ஓட்டங்களின் சராசரி

இந்த வழியின் சௌகரியம் தெரிந்ததே. தனியாக எதுவும் செய்ய வேண்டாம். ஓடினால் போதும், மற்றதைச் செயலி பார்த்துக்கொள்ளும். இதில் உள்ள கோளாறு கருவியில் இல்லை, வகுத்தலிலேயே இருக்கிறது.

மிதமான வேகங்களுக்குள் வேகம் கூடக் கூடத் துடிப்பும் ஏறக்குறைய நேர்கோட்டில் கூடும். ஆனால் அந்தக் கோடு பூஜ்யத்திலிருந்து புறப்படுவதில்லை. அசையாமல் நிற்கும்போதும் இதயம் துடித்துக்கொண்டுதானே இருக்கிறது? மேலே சொன்ன ஓட்டக்காரரின் துடிப்பு இப்படி அமைகிறது என்று வைத்துக்கொள்வோம்: அடிப்படையாக 60, அதன் மேல் நிமிடத்துக்கு ஒவ்வொரு 10 மீட்டர் வேகத்துக்கும் 6 துடிப்பு. நிமிடத்துக்கு 130 மீட்டரில் மெதுவாக ஓடினால் துடிப்பு 138, விகிதம் 0.94. 175 மீட்டரில் வேகமாக ஓடினால் துடிப்பு 165, விகிதம் 1.06. இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய 13 சதவீத வித்தியாசம். இத்தனைக்கும் இரண்டும் ஒரே ஆள், ஒரே வாரம், ஒரே உடல் தகுதி.

அதாவது வேகமாக ஓடினாலே விகிதம் உயரும். அந்த அடிப்படை 60 துடிப்பு எல்லா வேகத்துக்கும் பொதுவான செலவு. வேகம் கூடும்போது அது அதிக மீட்டர்களுக்குப் பகிரப்படுகிறது, அவ்வளவுதான். இதைக் கவனிக்காத ஒருவர், சற்றுக் கடினமான வேகத்தில் விடாமல் ஓடும் டெம்போ ஓட்டம் ஒன்றை வாரத்தில் சேர்த்துவிட்டு, வரைபடம் ஏறுவதைப் பார்த்து மகிழ்ந்துபோவார். நீண்ட மெதுவான ஓட்டங்களுக்கு மாறியவர் வரைபடம் இறங்குவதைப் பார்த்துக் கவலைப்படுவார். தன் திறனை உண்மையில் வளர்த்துக்கொண்டிருப்பவர் இரண்டாமவராகவே இருக்கலாம்.

இதைச் சரிசெய்ய ஒரு வழி உண்டு. துடிப்பிலிருந்து ஓய்வுத் துடிப்பைக் கழித்துவிட்டு, மிச்சத்தால் வேகத்தை வகுக்கலாம். வேகத்தால் வரும் வித்தியாசம் இதில் நன்றாகக் குறையும், ஆனால் முழுதாகப் போகாது. நிஜ மனிதர்களின் கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் அது ஓய்வுத் துடிப்பில் போய்ச் சரியாக முட்ட வேண்டும் என்று கட்டாயமில்லை. பின்லாந்து ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி போய், நிற்கும்போதுள்ள துடிப்பு, உச்சத் துடிப்பு, உச்ச வேகம் ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரு குறியீடு அமைத்திருக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அதற்குத் தன் உச்சத் துடிப்பையும் உச்ச வேகத்தையும் சரியாக அளந்து வைத்திருக்க வேண்டும். அந்த எண்களை ஊகமாகப் போட்டால் வரும் விடையும் ஊகமாகத்தான் இருக்கும்.

இந்த வழியை விடவே மனமில்லை என்றால், ஒரே பாதையில் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடிய மெதுவான ஓட்டங்களை மட்டும் பொறுக்கி எடுத்துப் பாருங்கள். வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி ஓடும் இன்டர்வெல், மலைப்பாதை, பந்தயம் எதுவும் அந்தச் சராசரிக்குள் வரக் கூடாது. இப்படிப் பொறுக்கத் தொடங்கிவிட்டாலே நாம் கிட்டத்தட்ட மூன்றாவது வழிக்கு வந்துவிடுகிறோம்.

துடிப்பைப் பிடித்து, வேகத்தைப் பார்ப்பது

இதைப் பரவலாக்கியவர் அமெரிக்கப் பயிற்சியாளர் பில் மாஃபெட்டோன். 180-இலிருந்து வயதைக் கழித்து வரும் துடிப்பில் ஓடி, ஒவ்வொரு மைலுக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறிப்பது அவருடைய சோதனை. ஒரே வயதுள்ள இருவரின் உச்சத் துடிப்பு 20 வரைகூட வேறுபடலாம் என்பதால், அந்தச் சூத்திரம் எல்லோருக்கும் ஒரே உழைப்பைக் குறிக்காது. ஆனால் முன்னேற்றத்தைக் கண்காணிக்க அது பெரிய தடையில்லை. 140-ஓ 147-ஓ, தேர்ந்தெடுத்த எண்ணை மாதக்கணக்கில் மாற்றாமல் வைத்திருந்தால் போதும்.

இதன் நிஜமான சிரமம் ஓடும்போதுதான் தெரியும். வேகத்தை மாற்றினால் துடிப்பு உடனே மாறாது. ஒன்று இரண்டு நிமிடம் பின்தங்கி வரும். எண் 148 காட்டுகிறது என்று மெதுவாக்குவோம், ஒரு நிமிடத்தில் 141 ஆகும், மறுபடி வேகம் பிடிப்போம். பழக்கமில்லாதவரின் வேக வரைபடம் ரம்பப் பல்லாக இருக்கும். அப்புறம் வேகத்தை அளப்பது பெரும்பாலும் ஜிபிஎஸ். மரங்களுக்கு அடியிலும் உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் அது தடுமாறும். அந்தந்த நொடி வேகத்தை நம்பாமல், தெரிந்த தூரத்துக்கு ஆன மொத்த நேரத்தை எடுப்பதே நல்லது.

ஆனாலும் இந்த வழிக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. தூக்கம் கெட்ட நாளிலும் வெயில் அடிக்கும் நாளிலும் இது உடலைக் கூடுதலாக வருத்தாது. துடிப்பு அதேதான், வேகம் மட்டும் குறையும். டிராக்கோ டிரெட்மில்லோ இல்லாமல், லேசான ஏற்ற இறக்கமுள்ள சாலையில் ஓடுபவர்களுக்கு இதுவே சரி. ஏற்றத்தில் வேகத்தை மாறாமல் பிடிக்க முயன்றால் துடிப்பு எகிறிவிடும். அதைவிட, போய்த் திரும்பி வரும் ஒரே பாதையில் துடிப்பைப் பிடித்துக்கொண்டு ஓடி மொத்த நேரத்தைக் குறிப்பது சுலபம்.

வேகத்தைப் பிடித்து, துடிப்பைப் பார்ப்பது

டிராக்கோ டிரெட்மில்லோ கிடைக்கும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். காரணம் ஒன்றே ஒன்று: மனிதனால் எளிதாகக் கட்டுப்படுத்த முடிவது வேகம், துடிப்பு அல்ல. கட்டுப்படுத்த முடிவதை நிலையாக வைத்துவிட்டு, முடியாததை அளக்க வேண்டும்.

400 மீட்டர் டிராக்கில் மணிக்கு 9 கிலோமீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு 2 நிமிடம் 40 விநாடி, அரைச் சுற்றுக்கு 80 விநாடி. ஜிபிஎஸ்ஸே தேவையில்லை, கைக்கடிகாரம் போதும். 10 நிமிடம் நிதானமாக வார்ம்-அப் செய்துவிட்டு, உள்ளோரத் தடத்தில் 5 சுற்று ஓடலாம். மொத்தம் 13 நிமிடம் 20 விநாடி. முதல் இரண்டு சுற்று துடிப்பு ஏறி ஒரு நிலைக்கு வருவதற்கு. கடைசி மூன்று சுற்றின் சராசரித் துடிப்பை மட்டும் எழுதிக்கொள்ள வேண்டும். இதை அரை மணிக்கு நீட்ட வேண்டாம். நேரம் போகப் போக, வேகம் மாறாவிட்டாலும் உடல் சூடேறுவதாலும் நீர் இழப்பதாலும் துடிப்பு மெல்ல ஏறும். அந்த ஏற்றம் தாக்குப்பிடிக்கும் திறனைப் பற்றியது. அது வேறு கேள்வி, இதோடு கலக்கக் கூடாது.

எந்த வேகம்? முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அதைவிட மெதுவாக வைத்தால் காபி, பதற்றம், முந்தைய இரவின் தூக்கம் போன்றவை துடிப்பை அதிகமாக ஆட்டும். அதைவிட வேகமாக வைத்தால் அதுவே ஒரு கடினமான பயிற்சியாகி, வாராவாரம் செய்யத் தயக்கம் வரும். இந்த அளவில் வைத்தால், வழக்கமான ஒரு மெதுவான ஓட்டத்தின் தொடக்கத்திலேயே சோதனையை முடித்துவிட்டு மீதி ஓட்டத்தைத் தொடரலாம். பயிற்சி எதையும் இழக்க வேண்டியதில்லை.

துடிப்பை அளக்க மார்பில் கட்டும் பட்டை நல்லது. மணிக்கட்டுக் கடிகாரங்கள் தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சி ரத்த ஓட்டத்தை எண்ணுகின்றன. ஓடும்போது கை ஆடுவதால் சில சமயம் அடிவைப்பின் தாளத்தைத் துடிப்பு என்று எடுத்துக்கொண்டுவிடும். கண்டுபிடிப்பது எளிது. சாதாரணமாகப் பேசிக்கொண்டே ஓடுகிறீர்கள், கடிகாரமோ ஓட்டத்தின் முதல் சில நிமிடங்களிலேயே 165, 170 என்று காட்டி அங்கேயே தட்டையாக நிற்கிறது என்றால், அது பெரும்பாலும் ஒரு நிமிடத்தில் நீங்கள் வைக்கும் அடிகளின் எண்ணிக்கை. மார்புப் பட்டையிலும் ஒரு பிரச்சினை உண்டு: காய்ந்த பட்டை முதல் சில நிமிடங்கள் கண்டபடி காட்டும். அணியும் முன் உள்பக்கத்தை நனைத்துக்கொண்டால் சரியாகிவிடும்.

எது கூர்மையானது?

துடிப்பை நிலையாக வைத்தால் முன்னேற்றம் பெரிதாகத் தெரிகிறது என்று சிலர் சொல்வார்கள். எண்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். நம் ஓட்டக்காரரின் கோடு மொத்தமாக 6 துடிப்பு கீழே இறங்கிவிட்டது என்று கொள்வோம். வேகத்தை 150-இல் பிடித்தால் துடிப்பு 150-இலிருந்து 144 ஆகும். விகிதத்தில் உயர்வு சுமார் 4 சதவீதம். துடிப்பை 150-இல் பிடித்தால் வேகம் 150-இலிருந்து 160 மீட்டர் ஆகும், அதாவது கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 40 விநாடியிலிருந்து 6 நிமிடம் 15 விநாடி. உயர்வு 6.7 சதவீதம்.

உடலில் நடந்தது ஒரே மாற்றம்தான். இரண்டாவது எண் பெரிதாக இருப்பதற்கும் அதே அடிப்படை 60 துடிப்புதான் காரணம். நாளுக்கு நாள் வரும் ஆட்டமும் அதே அளவு பெரிதாகிவிடுவதால் கூர்மையில் வித்தியாசம் இல்லை. ஆகவே ஒரு வழியில் தொடங்கி நடுவில் மற்றதற்குத் தாவி, இரண்டு சதவீதங்களையும் ஒப்பிடக் கூடாது. நண்பர் 6 சதவீதம் முன்னேறிவிட்டார், நான் 4-தான் என்று வருந்தவும் வேண்டாம். அவர் எந்த வழியில் அளந்தார் என்று முதலில் கேளுங்கள்.

பன்னிரண்டு வாரம்

நாளுக்கு நாள் வரும் ஆட்டம் சின்னதல்ல. எல்லாவற்றையும் ஒரே மாதிரி வைத்தாலும் அதே வேகத்தில் துடிப்பு 2 முதல் 4 வரை மேலும் கீழும் போகும். நாம் தேடும் மாற்றமோ மூன்று மாதத்துக்கு 5, 6 துடிப்பு. இதனால் ஒற்றை வாரத்து எண்ணுக்கு மதிப்பு குறைவு.

உதாரணக் கணக்கைப் பாருங்கள். வாராவாரம் மணிக்கு 9 கிலோமீட்டரில் எடுத்த துடிப்பு முதல் நான்கு வாரம் 152, 149, 151, 148. அடுத்த நான்கு வாரம் 147, 150, 146, 145. கடைசி நான்கு வாரம் 146, 143, 145, 142. ஆறாவது வாரத்தில் 150 வந்தபோது, நான்காவது வாரத்து 148-ஐவிடப் பின்னே போய்விட்டோமே என்று தோன்றும். அந்த நாள் கூடுதல் வெப்பமாக இருந்தது என்று பக்கத்தில் ஒரு குறிப்பு இருந்தால் அந்தக் கவலை வராது. நான்கு நான்கு வாரமாகச் சராசரி எடுத்தால் 150, 147, 144. விகிதம் 1.00, 1.02, 1.04. தசமங்கள் பிடிக்காதவர்கள் ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை துடிப்பு என்று பார்க்கலாம்: 1000, 980, 960. எனக்கு இந்த வடிவம்தான் பிடிக்கும், இறங்குவது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது.

இதே ஆள் முதல் வழியை நம்பியிருந்தால் என்ன பார்த்திருப்பார்? முதல் நான்கு வாரங்களில் வாரத்துக்கு 130 மீட்டர் வேகத்தில் இரண்டு மெதுவான ஓட்டம், 175 மீட்டர் வேகத்தில் ஒரு வேக ஓட்டம். விகிதங்களின் சராசரி 0.98. அடுத்த நான்கு வாரங்களில் வேக ஓட்டத்தை விட்டுவிட்டு மூன்றையும் மெதுவாக ஓடினார். அவருடைய கோடு 3 துடிப்பு இறங்கிவிட்டதால் மெதுவான ஓட்டத்தில் துடிப்பு 135, விகிதம் 0.96. திறன் கூடியிருக்கிறது, செயலியின் வரைபடமோ இறங்குகிறது. ஒருவேளை அதைப் பார்த்துப் பயிற்சி சரியில்லை என்று முடிவெடுத்து, நன்றாக வேலை செய்துகொண்டிருந்த திட்டத்தையே மாற்றியிருப்பார்.

விகிதம் நன்றாக இருந்தும் நம்பக் கூடாத நேரங்கள்

முதலில் வெப்பம். சூடான நாளில் உடலைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குத் திருப்பப்படுகிறது, அதே வேகத்துக்கு இதயம் அதிகமாகத் துடிக்கிறது. வெயில் காலத்தில் தொடங்கிக் குளிர்ந்த மாதத்தில் முடிக்கும் ஒருவருக்குத் திறன் துளியும் வளராமலே விகிதம் அழகாக ஏறும். எதிர்த்திசையில் போனால் நிஜமான முன்னேற்றமே மறைந்துவிடும். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் வெப்பநிலையை எழுதி, ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் எடுத்தவற்றை மட்டும் ஒப்பிட வேண்டும். உட்புற டிரெட்மில் இதில் உதவும், ஒரே இயந்திரத்தைப் பயன்படுத்தினால்; இயந்திரத்துக்கு இயந்திரம் வேகம் கொஞ்சம் வேறுபடும்.

இதைவிட ஆபத்தானது களைப்பு. பயிற்சிச் சுமை அளவுக்கு மீறிப் போகும்போது, அதே வேகத்தில் துடிப்பு ஏறுவதற்குப் பதில் இறங்குவது உண்டு. விகிதம் ஒரே வாரத்தில் துள்ளி உயரும். கால் கனக்கும், வழக்கமான வேகமே கஷ்டமாக இருக்கும், வேகமாக ஓடினாலும் துடிப்பு வழக்கமான உயரத்துக்கு ஏறாது. விகிதத்தை மட்டும் பார்ப்பவர் இதை வெற்றி என்று எண்ணி இன்னும் சுமையைக் கூட்டுவார். இதைப் பிரித்தறியக் கருவி எதுவும் வேண்டாம். 5 சுற்று முடிந்ததும் எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று 1 முதல் 10-க்குள் ஓர் எண்ணைத் துடிப்புக்குப் பக்கத்தில் எழுதுங்கள். துடிப்பும் இறங்கி, கஷ்டமும் குறைந்தால் அது திறன். துடிப்பு இறங்கி, கஷ்டம் கூடியிருந்தால் அது ஓய்வுக்கான நேரம். நான் துடிப்பு எண்ணைவிட இந்த எண்ணைத்தான் முதலில் பார்ப்பேன்.

பீட்டா பிளாக்கர் போன்ற துடிப்பைக் குறைக்கும் மருந்தைத் தொடங்கினாலோ, அளவை மாற்றினாலோ, பழைய எண்களோடு ஒப்பிட முடியாது. அன்றிலிருந்து புதிய கணக்கு.

வேகத்தை எப்போது மாற்றுவது

திறன் வளர வளர, நிலையாக வைத்த வேகம் மிகவும் எளிதாகிவிடும். ஓடிக்கொண்டே தாராளமாகப் பாட முடிகிறது என்ற நிலை வந்தால் வேகத்தை உயர்த்த வேண்டும். ஆனால் ஒரே நாளில் பழையதை விட்டுப் புதியதற்குத் தாவினால், முன்பு பார்த்தது போல, வேகம் கூடியதாலேயே விகிதம் உயர்ந்துவிடும்; அதில் எவ்வளவு திறன், எவ்வளவு வெறும் வகுத்தல் என்று பிரிக்க முடியாது. அதனால் நான்கு வாரங்களுக்கு இரண்டு வேகத்திலும் ஓடுங்கள்: முதலில் மணிக்கு 9 கிலோமீட்டரில் 5 சுற்று, உடனே 9.6 கிலோமீட்டரில் 5 சுற்று. இரண்டாவதற்கு ஒரு சுற்று இரண்டரை நிமிடம், அரைச் சுற்று 75 விநாடி. நான்கு வாரச் சராசரி இரண்டுக்கும் கிடைத்ததும் பழைய வரிசையை அங்கே முடித்து, புதிய வரிசையைத் தனி வரைபடமாகத் தொடங்கலாம். புதிய வேகத்தையும் அதே ஒழுங்கில், பழைய 5 சுற்றுக்குப் பிறகே தொடர்ந்து எடுத்து வந்தால்தான் அந்த முதல் நான்கு வாரச் சராசரி புதிய வரைபடத்துக்கு அடிப்படையாகப் பயன்படும்.